இருநூற்று அறுபது மணிநேரம்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில், கார் நிறுவனங்களுக்கு உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாகப் பணியாற்றும் ஒரு மேற்பார்வையாளர், சென்ற ஆண்டின் ஆயுத பூஜை முடிந்த இரவில் மகளின் பழைய கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து எழுதத் தொடங்கினார். வேலையை விட்டுவிட்டு, பழைய சி.என்.சி. லேத் ஒன்றை வாங்கி, தாமே ஜாப் ஒர்க் எடுத்துச் செய்தால் என்ன வரும் என்பதே கேள்வி. வயது முப்பத்தொன்பது. மகள் ஒன்பதாம் வகுப்பு. சர்க்கரை நோயாளியான தந்தை வீட்டில் இருக்கிறார். மனைவி தனியார் பள்ளியொன்றில் ஆசிரியை.

பீன்யாவில் இக்கேள்வி புதியதன்று. அங்குள்ள சிறு பட்டறைகளின் உரிமையாளர்களில் பலர் ஒரு காலத்தில் யாரோ ஒருவரிடம் சம்பளம் வாங்கியவர்களே. வென்றவர்களின் பெயர்ப்பலகைகள் தெருவெங்கும் தெரிகின்றன. தோற்றவர்களின் இடத்தில் வேறொருவரின் பலகை தொங்குவதால் அவர்கள் கண்ணில் படுவதில்லை. தேநீர்க் கடையில் நின்று தெருவைப் பார்த்து முடிவெடுக்கும் எவரும் செய்யும் முதற்பிழை இதுதான்.

அவர் எழுதிய முதற்கணக்கு எளியது. இத்தொழிலில் விலை பேசுவது இயந்திர மணிநேரத்தை வைத்து. அந்த அளவுள்ள லேத்துக்கு மணிக்கு ரூ.400 கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய தொழிற்சாலையே வெளியே கொடுக்கும் வேலைக்கு ஏறத்தாழ அவ்வளவுதான் தருகிறது. பகலில் ஓர் ஆபரேட்டர், மாலையிலிருந்து தாம் என இரண்டு ஷிப்டு ஓட்டினால் நாளுக்கு 16 மணிநேரம், மாதம் 25 நாளுக்கு 400 மணிநேரம், வரவு ரூ.1,60,000. செலவில் ஆபரேட்டர் சம்பளம் 22,000, கொட்டகை வாடகை 15,000, பழுது பராமரிப்புக்கு 5,000, வண்டிக்கும் கணக்காளருக்கும் 4,000. இவை இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகிற பணம். ஓடும் ஒவ்வொரு மணிக்கும் மின்சாரம், கடைசல் முனையில் தேய்ந்துபோகும் இன்செர்ட், கூலன்ட் எண்ணெய் எல்லாம் சேர்ந்து ரூ.65. ஆக மாதம் 88,000 மிஞ்சும். அவருடைய சம்பளம் 42,000. இரண்டு மடங்குக்கும் மேல்.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பட்டறை நடத்தி முடி நரைத்த ஒரு பெரியவரிடம் போனார். பெரியவர் தாளைப் படித்துவிட்டு ஒரே ஓர் எண்ணின் மேல் விரலை வைத்தார்.

“தம்பி, இந்த நானூறு மணிநேரத்தை யார் வாங்குவாங்க?”

“இயந்திரம் ஓடுமே அண்ணா.”

“ஓடும். விற்கணுமே.”

பெரியவரின் பட்டறையில் நான்கு இயந்திரங்கள். எல்லாமே ஓடிக்கொண்டிருந்தன என்றுதான் உள்ளே நுழைபவருக்குத் தோன்றும். ஆனால் அவர் காட்டிய பதிவேட்டில் வேறு கதை இருந்தது. ஒரு பாகத்திலிருந்து அடுத்த பாகத்துக்கு மாறும்போது தாடைகளையும் கருவிகளையும் மாற்றி, முதல் உருப்படியை அளந்து சரிபார்க்கும் செட்டிங் நேரத்துக்குப் பணம் இல்லை. சிறு எண்ணிக்கையில் ஆர்டர் எடுக்கும் சிறு பட்டறைக்கு அது அடிக்கடி நேரும். மூலப்பொருள் வராத காலை, மின்சாரம் நின்ற மாலை, ஆபரேட்டர் ஊருக்குப் போன வாரம் ஆகியவற்றுக்கும் பணம் இல்லை. அளவு பிசகித் திரும்பி வந்த உருப்படியை மறுபடி கடையும் நேரத்துக்கும் இல்லை. புதிதாகத் தொடங்குபவர் ஓர் இயந்திரத்தில் மாதம் 260 மணிநேரம் விற்றாலே அது நல்ல மாதம் என்றார் பெரியவர்.

260 மணிநேரம் என்று எழுதியதும் 88,000 என்பது 41,000 ஆகச் சுருங்கியது. வரவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. மிச்சமோ பாதிக்கும் கீழே போயிற்று. அசையாத செலவுகள் உள்ள தொழிலின் இயல்பு இது. வாடகையும் சம்பளமும் ஆர்டர் குறைந்ததை அறியா.

பெரும்பாலானோர் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். மாதம் 41,000 என்றால் சம்பளத்துக்கு ஏறத்தாழச் சமம், இன்னொருவரிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை, பிறகு வளரும். இவரும் இரண்டு வாரம் அந்த நிம்மதியில் இருந்தார். தொழில் நடத்துபவரின் கையில் நிற்கும் பணத்தில் மூன்று வேறு பேருக்குச் சேர வேண்டிய கூலி கலந்திருக்கிறது என்பதைப் பொருளியல் பாடப்புத்தகங்கள் முதல் அத்தியாயங்களிலேயே சொல்லிவிடுகின்றன. பணம் போட்டவருக்கு வட்டி, தேயும் இயந்திரத்துக்குத் தேய்மானம், உழைத்தவருக்குக் கூலி. மூவரும் ஒரே ஆளாக இருப்பதால் அவர் தமக்குத் தாமே கொடுக்க வேண்டியதை லாபம் என்று எண்ணிக்கொள்கிறார்.

பிரித்துப் பார்த்தால் இப்படி வருகிறது. பழைய லேத் 9 லட்சம். கம்ப்ரசர், ஸ்டெபிலைசர், அளவுக் கருவிகள் இரண்டரை லட்சம். பெங்களூர் வழக்கப்படி பத்து மாத வாடகை முன்பணம் ஒன்றரை லட்சம். நடைமுறை மூலதனம் 2 லட்சம். மொத்தம் 15 லட்சத்தில் 6 லட்சம் சேமிப்பு, 9 லட்சம் வங்கிக் கடன். பதினொன்றரை சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 19,800. இதில் ஒரு நுட்பம் உண்டு. தவணை முழுவதும் செலவன்று. அதில் அசலாகப் போகும் பகுதி இயந்திரமாக அவரிடமே திரும்புகிறது. ஆகவே அசலையும் கழித்துத் தேய்மானத்தையும் கழித்தால் ஒரே செலவை இருமுறை எழுதியதாகும். வட்டி மட்டும் சராசரியாக மாதம் 4,800. பதினொன்றரை லட்சத்து இயந்திரமும் கருவிகளும் ஐந்தாண்டில் 4 லட்சத்துக்கு விலைபோகும் என்று வைத்தால் தேய்மானம் மாதம் 12,500. சேமிப்பு 6 லட்சமும் வைப்பு நிதியில் சும்மா கிடந்தாலே ஏழு சதவீதத்தில் மாதம் 3,500 தரும். இவற்றைக் கழித்தபின் எஞ்சுவது ஏறக்குறைய 20,000. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் நின்று கடையும், ஆர்டர் தேடும், வரவு வசூலிக்கும் ஒரு தேர்ந்த ஆளின் மாதக் கூலி அதுதான். அவரிடம் வேலை செய்யப்போகும் ஆபரேட்டருக்கு 22,000.

மறுபக்கத்தில் சம்பளத்தையும் அவர் குறைத்தே எழுதியிருந்தார். 42,000 என்பது சம்பளச் சீட்டின் எண். அடிப்படைச் சம்பளம் 22,000க்கு முதலாளி செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு 2,640. ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளமாகச் சேரும் பணிக்கொடை மாதக் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம். தந்தையையும் உள்ளடக்கிய குழு மருத்துவக் காப்பீட்டை வெளியே வாங்கினால் ஆண்டுக்கு முப்பதாயிரமாவது ஆகும். சர்க்கரை நோயுள்ள முதியவரை வெளிக் காப்பீட்டில் சேர்த்துக்கொள்வார்களா என்பது தனிக் கேள்வி. எல்லாம் சேர்ந்து 48,000. ஆக இரண்டு வழிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மாதம் 28,000. அதை ஈடுகட்ட இன்னும் 83 மணிநேரம் விற்க வேண்டும். 400 மணிநேரத்தில் 343. பெரியவரின் நான்கு இயந்திரங்களில் ஒன்றுகூட அவ்வளவு விற்றதில்லை.

இக்கணக்கு அந்த ஒரு மனிதருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு பார்ட்டன் ஹாமில்டன் 2000இல் வெளியிட்ட ஆய்வு, சுயதொழிலில் பத்தாண்டு நிலைத்தவரின் இடைநிலை வருமானம், அதே ஆள் அதே காலம் சம்பளத்தில் இருந்திருந்தால் பெற்றிருக்கக்கூடியதைவிட 35 சதவீதம் குறைவு என்று மதிப்பிட்டது. மிகச் சிலரின் பெரும் வருமானம் சராசரியை மேலே இழுக்கிறது. நடுவில் நிற்பவர் குறைத்தே பெறுகிறார். இந்தியாவில் படம் இன்னும் வேறு. பதிவுபெறாத் துறை நிறுவனங்களின் 2023–24ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, வேளாண்மை நீங்கலாக 7.34 கோடி நிறுவனங்களைக் காட்டுகிறது; அவற்றில் மிகப் பெரும்பாலானவை சம்பளத்துக்கு நிலையாக ஒருவரைக்கூட வைத்துக்கொள்ளாதவை. செல்வத்துக்கான வழியாக அன்றி, வேலை கிடைக்காமையின் மறுபெயராகவே நம் நாட்டில் சிறுதொழில் பெரும்பாலும் இருக்கிறது. நல்ல வேலையில் இருப்பவர் அதை விட்டுத் தொழிலுக்கு வருவது வேறு செயல். இரண்டையும் ஒரே ‘தொழில்முனைவு’ என்ற சொல்லில் அடைப்பதால்தான் கொள்கை உரைகள் குழம்புகின்றன.

அப்படியானால் ஏன் இறங்குகிறார்கள்? மேற்பார்வையாளர் முட்டாள் அல்லர். அவரே இதற்கு விடை வைத்திருந்தார். முதல் இயந்திரம் சம்பாதிப்பதற்காக வாங்கப்படுவதில்லை. இரண்டாவது இயந்திரம் வரும்போது கொட்டகை அதே கொட்டகை, கணக்காளர் அதே கணக்காளர், ஆர்டர் தேடும் ஆளும் அதே ஆள். மூன்றாவது வரும்போது அந்தச் செலவுகள் இன்னும் மெல்லியதாகப் பரவுகின்றன; அப்போதுதான் தம் கையால் கடையாத மணிநேரத்திலிருந்தும் அவருக்குப் பணம் வரத் தொடங்கும். சம்பளத்தில் அது ஒருபோதும் நேராது. அவருடைய ஒரு நாளுக்கு ஒரு நாள் சம்பளம்தான். ஆக முதல் இரண்டாண்டு என்பது மூன்றாவது இயந்திரத்தை எட்ட முடியுமா என்று பார்க்க வாங்கும் நுழைவுச்சீட்டு. அதன் விலை மாதம் 28,000 வீதம் 24 மாதத்துக்கு 6,72,000. இப்படி எழுதியதும் கேள்வியின் வடிவமே மாறிவிடுகிறது. தொழில் லாபமா நட்டமா என்று கேட்பதற்குப் பதில், ஏறத்தாழ ஏழு லட்சத்தை ஒரு சோதனைக்காகச் செலவிட இக்குடும்பத்தால் முடியுமா, அச்சோதனையை இதைவிடக் குறைந்த செலவில் செய்ய வழி உண்டா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மனைவி கேட்டது அதற்கும் முந்தைய கேள்வி. “லாபம் வரட்டும், வராமல் போகட்டும். பணம் எந்தத் தேதியில் வரும், அதைச் சொல்லுங்க.”

கணவர் விட்டுவிட்ட வரி அது. ஜாப் ஒர்க்கில் பணம் வேலை முடிந்ததும் வருவதில்லை. தொண்ணூறு நாள் கழித்து வருகிறது என்று வைத்து, மாதம் 260 மணிநேரத்தை முதல் மாதத்திலிருந்தே விற்றுவிட்டதாக மிகத் தாராளமாகவும் வைத்துப் பார்க்கலாம். மாதச் செலவு 63,000, தவணை 19,800. மூன்று மாதத்துக்கு 2,48,000 வெளியே போய்விட்டது. வீட்டுச் செலவுக்கு ஒரு பைசா எடுக்காமலே அப்படி. கையில் வைத்திருந்த நடைமுறை மூலதனமோ 2 லட்சம். மூன்றாம் மாதத்தின் நடுவில், புத்தகத்தில் லாபம் இருக்கும்போதே, பணம் தீர்ந்துவிடுகிறது. இதற்கிடையில் எழுதிய விலைப்பட்டியலுக்கு ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும்; வாங்குபவர் பணம் தந்தாரா என்று வரித்துறை கேட்பதில்லை. சிறு பட்டறைகளுக்கு நேரும் மரணம் பெரும்பாலும் இப்படித்தான்; ஆர்டர் இல்லாமல் சாவதைவிட, ஆர்டர் நிறைய இருந்து வரவு நின்று சாவது அதிகம் என்றார் பெரியவர். அதன் முதல் அறிகுறியையும் அவரே சொன்னார்: இன்செர்ட் வாங்கும் கடையில் ரொக்கம் கொடுத்தவர் கடன் சொல்லத் தொடங்குவது.

சட்டம் உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், அக்கெடுவுக்குள் தராத தொகையைத் தந்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்பதால் நிதியாண்டின் இறுதியில் சில கணக்குகள் விரைவாகத் தீர்வது உண்மை. ஆனால் வழக்குத் தொடுப்பவர் யார்? மணிநேரங்களில் பாதியை வாங்குபவர் ஒருவரே என்றால், அவர்மேல் புகார் எழுதும் கையால்தான் அடுத்த ஆர்டரையும் கேட்க வேண்டும். உரிமை வாங்கித் தரும் சட்டத்தை, வாடிக்கையாளர் ஐந்து பேர் உள்ளவர்தான் பயன்படுத்த முடிகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் இது ‘அமலாக்கக் குறைபாடு’ என்று ஒரு சொல்லில் கடந்துபோகும். உண்மையில் அது அமலாக்கம் பற்றியது மட்டுமன்று. பேரத்தில் எந்தப் பக்கம் கனம் அதிகம் என்பதைப் பற்றியது.

கடனிலும் இதே போன்ற இடைவெளி இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே விதித்துவிட்டது. இவருடைய 9 லட்சம் அதற்குள் அடங்கும். இருந்தும் ஒரு வங்கிக் கிளையில் பேச்சு மெல்லச் சுற்றி வீட்டுப் பத்திரத்துக்கே வந்து சேர்ந்தது. அவர் பத்திரத்தைக் கொடுக்கவில்லை. அந்த ஒரு மறுப்பு, இக்கதையில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே கனமானது. தொழில் வீழ்ந்தால் வருமானமும் சேமிப்பும் ஒரே நாளில் போகும். வீடும் அதனுடன் கட்டப்பட்டிருந்தால் மீண்டு எழ நிலம் இராது.

மீண்டு எழுவது பற்றியும் ஆய்வு உண்டு. குஸ்டாவோ மான்சோ 2016இல் காட்டியது, சுயதொழிலைக் கைவிட்டுச் சம்பளத்துக்குத் திரும்புபவர்கள் பெரிய இழப்பின்றித் திரும்புகிறார்கள் என்பதே. ஆகவே தொழில் என்பது இடையில் நிறுத்திக்கொள்ளக்கூடிய சோதனை, அதன் மதிப்பை முழு ஆயுள் வருமானத்தில் வைத்து அளக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஹாமில்டனின் இருண்ட எண்ணுக்கு இது நல்ல மறுமொழி. ஆனால் அதுவும் அமெரிக்கத் தரவு. பீன்யாவில் நாற்பத்திரண்டு வயதில் திரும்பி வருபவருக்கு இருக்கை காத்திருக்குமா, காத்திருந்தாலும் நிரந்தரப் பணியாகவா ஒப்பந்தக்காரர் வழியாகவா என்பதைப் பொறுத்தே இந்நாட்டில் அச்சோதனையின் விலை அமையும். பதினான்கு ஆண்டுப் பணிக்கொடை, கணக்கிட்டால் ஏறத்தாழ 1,78,000, விலகும்போது கையில் வந்துவிடும். ஆனால் புதிய இடத்தில் ஆண்டுக் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும்.

வழியைக் காட்டியவரும் பெரியவர்தான். “இயந்திரம் வாங்காதே தம்பி. முதல்ல மணிநேரத்தை வாங்கு.”

தெருவுக்குத் தெரு லேத்துகள் பாதி நேரம் சும்மா நிற்கும் பேட்டையில், ஆர்டரைத் தாம் பிடித்து, வேலையை மற்றொருவர் இயந்திரத்தில் மணிக்கு ரூ.340 கொடுத்துச் செய்வித்து, சரிபார்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பது. மிஞ்சுவது மணிக்கு 60 ரூபாய். பெட்ரோலுக்குப் போனால் சரியாக இருக்கும். ஆனால் அறியாதிருந்த மூன்று எண்கள் இதில் தெரிந்துவிடும்: மாதம் எத்தனை மணிநேரம் தம்மால் விற்க முடிகிறது, எத்தனை நாளில் பணம் வருகிறது, எத்தனை உருப்படி திரும்பி வருகிறது. 88,000க்கும் 20,000க்கும் இடையே நின்ற ஐயம் முழுவதும் இம்மூன்றில்தான் இருந்தது. இயந்திரத்தின் விலையில் இல்லை. வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கிப் பின்னர் முழுமையாக மாறியவர்கள், ஒரேயடியாகக் குதித்தவர்களைவிடத் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று ராஃபீ, ஃபெங் இருவரும் 2014இல் கண்டதற்கும் காரணம் இத்தகைய முன்னறிவாகவே இருக்கலாம். தங்களால் இது ஆகாது என்று அறிந்தவர்கள் குதிக்காமலே நின்றுவிடுகிறார்கள்.

தம் முதலாளியிடம் மறைக்கவில்லை. நிறுவனத்தின் வாடிக்கையாளர் எவரையும் அணுகக் கூடாது, வேலை நேரத்தில் தொலைபேசி கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு அவர் ஒப்புக்கொண்டார். மனைவியின் பெயரில் உத்யம் பதிவும் ஜி.எஸ்.டி. எண்ணும் எடுத்தார்கள். நான்கு மாதம் ஆகிறது. விற்ற மணிநேரம் முறையே 70, 110, 60, 140. பணம் வந்து சேரச் சராசரி 74 நாள். மொத்த மணிநேரத்தில் பாதிக்கு மேல் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தது. மூன்றாம் மாதத்தில் ஒரு தொகுதியின் துளை அளவு நூலிழை பிசகி, மூலப்பொருளின் விலையையும் சேர்த்து 9,000 ரூபாய்க்கு டெபிட் நோட் வந்தது. தவறு வேறொருவர் இயந்திரத்தில் நேர்ந்தாலும் நோட் வந்தது இவர் முகவரிக்கு. நான்கு மாதத்து மிச்சமான 22,800இல் அதுவும் பெட்ரோலும் போக எஞ்சியதைச் சொல்ல அவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

வேலையை விடும் நாளை அவர் எழுதி வைத்திருக்கிறார், தேதியாக அன்றி நிபந்தனையாக. தொடர்ந்து மூன்று மாதம் 200 மணிநேரத்துக்குக் குறையாமல் விற்க வேண்டும். அது குறைந்தது மூன்று வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டும். பணம் 60 நாளுக்குள் வர வேண்டும். வங்கியில் ஓராண்டு வீட்டுச் செலவு தனியாகக் கிடக்க வேண்டும் என்ற நான்காவது வரி மனைவியின் கையெழுத்தில் இருக்கிறது. தந்தையின் காப்பீடு பற்றிய ஐந்தாவது வரி எழுதப்பட்டு, அடிக்கப்பட்டு, மீண்டும் எழுதப்பட்டிருக்கிறது.

சென்ற வாரம் பெரியவர் தம் நான்கு லேத்துகளில் பழையதை விற்க நினைப்பதாகவும், தவணையில் தந்தாலும் சரி என்றும் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மேற்பார்வையாளர் போய் அதன் சுழல்தண்டின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்து அளந்து பார்த்தார். இரண்டு மைக்ரான்தான், அந்த வயது இயந்திரத்துக்கு அது மிக நன்று. எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு, ஐந்தாம் மாதத்துக்கான பத்தியைக் கோடு போட்டுப் பிரித்தார். அதில் அன்றுவரை 35 மணிநேரம் எழுதப்பட்டிருந்தது.